ஒறுப்பிழப்புப் பதிவு சமமாகிவிட்டால் சரியாகிவிட்டதா?

கேள்வி: 10 ரூபாய் பங்கு, அதுக்கு மேல 4 ரூபாய் முனைமம். விண்ணப்பத்தில் 3, ஒதுக்கீட்டில் 6 (முனைமம் சேர்த்து), முதல் அழைப்பில் 3, இறுதி அழைப்பில் 2. 10,000 பங்கும் ஒதுக்கியாச்சு. 200 பங்கு வைத்திருந்தவர் விண்ணப்பப் பணம் மட்டும் கட்டினார். 400 பங்கு வைத்திருந்தவர் இரண்டு அழைப்பையும் கட்டவில்லை. இறுதி அழைப்புக்கு அப்புறம் 600 பங்கையும் ஒறுப்பிழப்பு செய்தாங்க. ஒரே பதிவா போட்டேன், 1,600 இடிச்சது. ஒறுப்பிழப்புக் கணக்கை 2,600க்குப் பதிலா 4,200ன்னு மாத்தினதும் சமமாயிடுச்சு. இது சரியா? முனைமத்தை எப்போ பற்று செய்யணும், எப்போ கூடாது?

பதில்:

சரியில்லை. முதலில் நீங்கள் போட்ட 2,600தான் சரியான தொகை. தவறு ஒறுப்பிழப்புக் கணக்கில் இல்லை, முனைமத்தில் இருந்தது. 1,600 ரூபாய் இடித்தபோது பதிவு உங்களுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 4,200 என்று மாற்றியதும் அது வாயை மூடிக்கொண்டது, தவறு உள்ளேயே தங்கிவிட்டது.

நீங்கள் எழுதிய பதிவு இப்படித்தான் இருந்திருக்கும்:

பங்கு முதல் க/கு ப 6,000
பத்திர முனைமம் க/கு ப 2,400
பங்கு ஒதுக்கீடு க/கு 1,200
பங்கு முதல் அழைப்பு க/கு 1,800
பங்கு இறுதி அழைப்பு க/கு 1,200
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 2,600

பற்று 8,400, வரவு 6,800. பற்றுப் பக்கம் 1,600 கூடுதல். இந்த 1,600ஐக் கொஞ்சம் பாருங்கள். 400 பங்கு, பங்குக்கு 4 ரூபாய். அதாவது 400 பங்குக்காரரின் முனைமம். அவர் ஒதுக்கீட்டுப் பணத்தை முழுதாகக் கட்டியவர், முனைமமும் அதிலேயே வந்துவிட்டது. வந்த பணத்தை வராதது போல் நீங்கள் திருப்பி எழுதியதால்தான் பதிவு இடித்தது.

எப்போது பற்று செய்வது என்ற கேள்விக்கு விடை ஒதுக்கீட்டுப் பதிவில் இருக்கிறது. ஒதுக்கீடு நடந்த அன்று, பணம் வருவதற்கு முன்பே, இப்படிப் பதிந்திருப்பீர்கள்:

பங்கு ஒதுக்கீடு க/கு ப 60,000
பங்கு முதல் க/கு 20,000
பத்திர முனைமம் க/கு 40,000

10,000 பங்குக்கும் முனைமம் வரும் என்று எதிர்பார்த்து 40,000 வரவு செய்துவிட்டோம். அப்புறம் பணம் வரும்போது 9,800 பங்குக்குத்தான் வந்தது, 58,800 ரூபாய். 200 பங்குக்கான 1,200 வரவில்லை. அந்த 1,200க்குள் 400 முதலுக்கு, 800 முனைமத்துக்கு. முனைமக் கணக்கில் 800 ரூபாய் வெறும் எதிர்பார்ப்பாக நிற்கிறது. ஒறுப்பிழப்பில் அதைத்தான் எடுக்க வேண்டும். எனவே இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருந்தால் மட்டுமே முனைமம் பற்றாகும்: கணக்கில் ஏற்கெனவே வரவு செய்திருக்க வேண்டும், பணம் வந்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தொடக் கூடாது.

இதை வைத்தே பல கணக்குகளைப் பேரேட்டைப் பார்க்காமல் தீர்மானித்துவிடலாம். முனைமத்தை விண்ணப்பத்தோடு வாங்கியிருந்தால், விண்ணப்பப் பணம் கட்டாதவருக்குப் பங்கே ஒதுக்கப்பட்டிருக்காது. ஆகவே அங்கே முனைமம் பற்றாகும் பேச்சே இல்லை. முனைமத்தை இறுதி அழைப்பில் கேட்பதாக இருந்து, அந்த அழைப்பு விடும் முன்பே பங்கை ஒறுப்பிழப்பு செய்தால், முனைமம் இன்னும் வரவாகவே இல்லை. அதனால் அங்கேயும் பற்று கிடையாது. ஒதுக்கீட்டோடு முனைமம் கேட்டு, அந்த ஒதுக்கீட்டைக் கட்டாதவரின் பங்கை எடுக்கும்போது பற்று வரும். பாடப் பயிற்சிகளில் பெரும்பாலும் இந்த நிலைதான் வருகிறது. அதனால் "முனைமக் கணக்கு என்றால் ஒறுப்பிழப்பில் முனைமத்தைப் பற்று செய்" என்ற பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது. உங்கள் தவறும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பேரையும் ஒரே பதிவில் போட்டதும் ஒரு காரணம். இரண்டு பேரின் நிலை வேறு, கட்டிய தொகை வேறு. தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

200 பங்குக்காரர்:

பங்கு முதல் க/கு ப 2,000
பத்திர முனைமம் க/கு ப 800
பங்கு ஒதுக்கீடு க/கு 1,200
பங்கு முதல் அழைப்பு க/கு 600
பங்கு இறுதி அழைப்பு க/கு 400
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 600

இரு பக்கமும் 2,800.

400 பங்குக்காரர்:

பங்கு முதல் க/கு ப 4,000
பங்கு முதல் அழைப்பு க/கு 1,200
பங்கு இறுதி அழைப்பு க/கு 800
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 2,000

இரு பக்கமும் 4,000.

ஒறுப்பிழப்புக் கணக்கில் நான் போட்ட 600, 2,000 இரண்டும் மிச்சத் தொகையாக வந்தவை அல்ல. அவர்கள் கையிலிருந்து வந்த பணத்தை வைத்துத் தனியாகக் கணக்கிட்டவை. 200 பங்குக்காரர் கட்டியது விண்ணப்பத்துக்கு 3 வீதம் 600. அதில் முனைமம் ஒன்றுமில்லை, எனவே 600ம் ஒறுப்பிழப்புக்கு. 400 பங்குக்காரர் விண்ணப்பத்துக்கு 1,200, ஒதுக்கீட்டுக்கு 2,400, ஆக 3,600 கட்டினார். அதில் 1,600 முனைமம். மீதி 2,000தான் முதலுக்காக வந்தது. அந்த 2,000 மட்டுமே ஒறுப்பிழப்புக் கணக்குக்கு வரும்.

ஒறுப்பிழப்பு செய்த பதிவைச் சரிபார்க்கிறவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பதிவின் மற்ற வரிகளைப் பார்க்கும் முன், அந்தப் பங்குக்காரர் மொத்தம் எவ்வளவு கட்டினார், அதில் முனைமம் எவ்வளவு என்று ஓரத்தில் எழுதிக் கழித்துவிடுங்கள். அதுதான் ஒறுப்பிழப்புத் தொகை. அதை வரவுப் பக்கத்தில் போட்ட பின்பும் பதிவு சமமாக வந்தால், இரண்டு தனி வழிகள் ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன என்று பொருள். ஒறுப்பிழப்புத் தொகையை மிச்சமாக எடுத்தால் பதிவு எப்போதும் சமமாகத்தான் வரும். அந்தச் சமத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, ஏனென்றால் சமமாக வரும்படி நாமே வைத்ததுதான் அது.

இப்போது உங்கள் 4,200க்கு வருவோம். இது பிற்பாடு எங்காவது மாட்டுமா என்று பார்த்தால், நீங்கள் நினைக்கும் இடத்தில் மாட்டாது. சரியான பதிவுகளுக்குப் பிறகு நிலவரம் இது: பங்கு முதல் 94,000, முனைமம் 40,000 கழித்தல் 800, அதாவது 39,200, ஒறுப்பிழப்பு 2,600. கூட்டினால் 1,35,800. வங்கிக்கு வந்ததையும் கூட்டுங்கள். விண்ணப்பத்தில் 30,000, ஒதுக்கீட்டில் 58,800, இரண்டு அழைப்புப் பணமும் 9,400 பங்குக்கு வந்ததால் 28,200, 18,800. மொத்தம் அதே 1,35,800. அழகாகப் பொருந்துகிறது.

உங்கள் பதிவின்படி முதல் 94,000, முனைமம் 37,600, ஒறுப்பிழப்பு 4,200. கூட்டிப் பாருங்கள், இதுவும் 1,35,800! இருப்பாய்வு பொருந்தும், இருப்புநிலைக் குறிப்பு பொருந்தும், வங்கியோடும் பொருந்தும். காரணம், தவறு நடந்தது பொறுப்புப் பக்கத்துக்குள்ளேயே, பங்குதாரர் நிதியின் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு. மொத்தத்தை எத்தனை முறை கூட்டினாலும் இது வெளியே வராது.

பேரேட்டு இருப்பை வைத்து இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. முனைமக் கணக்கின் இருப்பைத் தனியாக எடுத்து, முனைமம் உண்மையில் வந்த பங்குகளின் எண்ணிக்கையை முனைம வீதத்தால் பெருக்கி ஒப்பிட வேண்டும். இங்கே 9,800 பங்குக்கு முனைமம் வந்தது. பெருக்கினால் 39,200. பேரேட்டில் 37,600 இருந்தால் 1,600 குறைவு, யாரோ வந்த முனைமத்தைத் திருப்பியிருக்கிறார்கள். பேரேட்டில் 40,000 இருந்தால் வராத முனைமம் இன்னும் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த இரண்டாவது தவறும் அடிக்கடி நடப்பதுதான். யாருக்குமே முனைமத்தைப் பற்று செய்யாமல் விட்டுவிடுவார்கள். 200 பங்குக்காரருக்குத் தனிப் பதிவு போட்டிருந்தால் அது உடனே தெரிந்துவிடும். பற்று 2,000 மட்டும், வரவோ நிலுவைகளுக்கே 2,200. ஒறுப்பிழப்புக்கு மிச்சம் எடுக்கப் போனால் கழித்தல் 200 வரும். பணம் கட்டியவரின் பங்கைப் பறித்ததில் நிறுமத்துக்கு 200 ரூபாய் போயிற்று என்று யாரும் எழுத மாட்டார்கள், பேனா தானே நின்றுவிடும். ஆனால் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டால் பற்று 6,000, நிலுவைகள் 4,200, மிச்சம் 1,800. பார்ப்பதற்கு நியாயமான எண். 2,600 வரவேண்டிய இடத்தில் 1,800 என்று சத்தமில்லாமல் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு தவணை தவறியவருக்கும் ஒரு பதிவு என்று வற்புறுத்துகிறேன். தேர்வில் சேர்த்து எழுதச் சொன்னாலும், ஓரத்தில் தனித்தனியாகப் போட்டுவிட்டுக் கூட்டி எழுதுங்கள்.

இடிக்கும் தொகையைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பற்று கூடுதலாக இருந்து, வித்தியாசம் ஒருவரின் பங்கு எண்ணிக்கையால் வகுபட்டு முனைம வீதம் கிடைத்தால், வந்த முனைமத்தைத் திருப்பியிருக்கிறீர்கள். வரவு கூடுதலாக இருந்து அதே வீதம் கிடைத்தால், வராத முனைமத்தைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் முன்னது 1,600, பின்னது 800. ஆனால் வகுத்துப் பார்ப்பது சந்தேகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. இதே கணக்கில் 1,200 இடித்தால் அது 400 பங்கின் முதல் அழைப்பாகவும் இருக்கலாம், 200 பங்கின் ஒதுக்கீடாகவும் இருக்கலாம். எந்த வரி விடுபட்டது என்று போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

வித்தியாசத்தை வகுத்ததில் 2 ரூபாய் வந்தால் முனைமத்தை விட்டுவிட்டுப் பங்கு முதலைப் பாருங்கள். ஒறுப்பிழப்பில் பங்கு முதலைப் பற்று செய்வது முகமதிப்பில் அல்ல, அன்றைக்கு அழைக்கப்பட்டிருந்த தொகையில். இதே 200 பங்கை முதல் அழைப்புக்குப் பிறகு, இறுதி அழைப்புக்கு முன்பே இயக்குநர் குழு ஒறுப்பிழப்பு செய்திருந்தால், பங்குக்கு 8 ரூபாய்தான் அழைத்திருக்கிறார்கள். பங்கு முதல் 1,600, முனைமம் 800 பற்று. ஒதுக்கீடு 1,200, முதல் அழைப்பு 600, ஒறுப்பிழப்பு 600 வரவு. இரு பக்கமும் 2,400. இங்கே பழக்கத்தில் 2,000 என்று எழுதினால் 400 இடிக்கும். அதைச் சரிக்கட்ட விடாத அழைப்பின் கணக்கில் 400ஐ வரவு செய்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழைப்பே விடாதபோது அந்தக் கணக்கு திறந்தே இருக்காது. பிறகு மற்றவர்களுக்கு இறுதி அழைப்பு விடும்போது அதில் 400 அர்த்தமில்லாமல் தொங்கும். எனவே பதிவைத் தொடும் முன், ஒறுப்பிழப்புத் தீர்மானத்தின் தேதியையும் அழைப்புகளின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சில நிறுமங்கள் கட்டாத தொகைகளை அழைப்பு நிலுவைக் கணக்கு என்று ஒன்றில் மாற்றி வைத்திருக்கும். அப்படியிருந்தால் ஒதுக்கீடு, அழைப்பு என்று தனித்தனியாக வரவு செய்யக் கூடாது. நிலுவைக் கணக்கு ஒன்றையே வரவு செய்தால் போதும், 200 பங்குக்காரருக்கு 2,200, மற்றவருக்கு 2,000. இரண்டையும் கலந்தால் அதே தொகை இருமுறை வரவாகும்.

அதிக விண்ணப்பம் வந்து விகிதப்படி ஒதுக்கும்போதுதான் முனைமம் கொஞ்சம் வழுக்கும். உங்கள் கணக்கையே சற்று மாற்றுவோம். 15,000 பங்குக்கு விண்ணப்பம் வந்தது, 3க்கு 2 என்று ஒதுக்கினார்கள், கூடுதல் பணம் ஒதுக்கீட்டில் சரிக்கட்டப்பட்டது. 200 பங்கு கிடைத்தவர் 300க்கு விண்ணப்பித்து 900 ரூபாய் கட்டியிருப்பார். 600 விண்ணப்பத்துக்கு, 300 ஒதுக்கீட்டுக்குப் போகும். பிறகு அவர் ஒன்றும் கட்டவில்லை. ஒதுக்கீட்டில் அவர் நிலுவை 1,200 அல்ல, 900.

இந்த 300ல் முனைமம் வந்ததா? வழக்கம் என்னவென்றால், கூடுதல் விண்ணப்பப் பணத்தை முதலில் பங்கு முதலுக்கு வைப்பது, மிஞ்சினால் முனைமத்துக்கு. ஒதுக்கீட்டில் முதலுக்கான பகுதி 400 ரூபாய். 300 அதற்கே போதவில்லை. எனவே முனைமம் ஒரு ரூபாயும் வரவில்லை, 800ம் பற்றாகும்:

பங்கு முதல் க/கு ப 2,000
பத்திர முனைமம் க/கு ப 800
பங்கு ஒதுக்கீடு க/கு 900
பங்கு முதல் அழைப்பு க/கு 600
பங்கு இறுதி அழைப்பு க/கு 400
பங்கு ஒறுப்பிழப்பு க/கு 900

2,800க்கு 2,800. கட்டிய 900ல் முனைமம் இல்லை, எனவே ஒறுப்பிழப்பும் 900. முன்பு சொன்ன அதே கழித்தல்தான், எண் மட்டும் மாறியது. இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒதுக்கீட்டு நிலுவையை 1,200 என்றே போட்டுவிட்டு ஒறுப்பிழப்பை 600 என்று எழுதுவார்கள். பதிவு சமமாகும், ஆனால் ஒதுக்கீட்டுக் கணக்கில் 300 வரவு இருப்பு மிஞ்சும். அல்லது 300ஐ முனைமத்துக்கு வைத்துவிட்டு 500 மட்டும் பற்று செய்வார்கள். ஒறுப்பிழப்புக்குப் பின் ஒதுக்கீட்டுக் கணக்கும் அழைப்புக் கணக்குகளும் சுத்தமாகப் பூஜ்யத்தில் முடிகின்றனவா என்று பார்த்தால் முதல் தவறு தெரியும். இரண்டாவதை முனைம இருப்புச் சோதனைதான் பிடிக்கும்.

வந்த முனைமத்தை ஏன் தொடக் கூடாது? பாடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பங்கு வெளியீட்டில் பெற்ற முனைமத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்றும் வரையறுத்திருக்கிறது: முழுதும் செலுத்தப்பட்ட ஊக்கப் பங்குகள் வழங்குவது, பங்கு, கடனீட்டுப் பத்திர வெளியீட்டுச் செலவுகளைப் போக்கெழுதுவது, பங்குகளைத் திரும்ப வாங்குவது போன்றவை. மற்றபடி அதைக் குறைக்க வேண்டுமானால், செலுத்தப்பட்ட முதலைக் குறைப்பதற்கு உரிய வழிமுறையே பொருந்தும். பங்கு ஒறுப்பிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 200 பங்குக்காரரின் 800ஐ எடுப்பது வேறு. அது பெறப்பட்ட முனைமமே இல்லை, எதிர்பார்த்து எழுதியதை அழிக்கிறோம், அவ்வளவுதான்.

இருப்புநிலைக் குறிப்பிலும் இது தெரியும். ஒறுப்பிழப்புத் தொகை பங்கு முதல் தலைப்பில், முதலோடு சேர்த்துக் காட்டப்படுகிறது. முனைமம் காப்பும் மிகுதியும் என்ற தலைப்பில் வருகிறது. உங்கள் பதிவில் 1,600 ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது. மொத்தம் மாறாது, இரண்டு தலைப்புகளும் தவறு.

உண்மையான சேதம் மறுவெளியீட்டில்தான் வெளியே வரும். ஒறுப்பிழப்பு செய்த பங்கை மறுபடி வெளியிடும்போது தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் அந்தத் தள்ளுபடி அதே பங்குகளில் ஒறுப்பிழப்பான தொகையைத் தாண்டக் கூடாது. 200 பங்குக்குப் பங்கொன்றுக்கு 3 ரூபாய் ஒறுப்பிழப்பு, எனவே முழுதும் செலுத்தியதாக 7 ரூபாய்க்குக் குறையாமல் விற்க வேண்டும். 400 பங்குக்கு 5 ரூபாய், ஆகவே குறைந்தது 5 ரூபாய். முதலில் வைத்திருந்தவர் முதலுக்காகக் கொடுத்ததும் புதியவர் கொடுப்பதும் சேர்ந்து 10 ரூபாயை நிரப்ப வேண்டும் என்பதே இதன் உள்ளர்த்தம். 53ஆவது பிரிவு பங்குகளைத் தள்ளுபடியில் வெளியிடுவதைத் தடுக்கிறது. மறுவெளியீட்டில் முன்னவர் கொடுத்தது கணக்கில் சேர்வதால்தான் இது அந்தத் தடைக்குள் வருவதில்லை.

உங்கள் 4,200ல் 600 போக 3,600, 400 பங்குக்கு 9 ரூபாய் வீதம். இதை நம்பி ஒருவர் அந்தப் பங்கை 1 ரூபாய்க்கு மறுவெளியீடு செய்யலாம் என்று முடிவெடுத்தால்? முதலுக்காக வந்தது பழையவரிடமிருந்து 5, புதியவரிடமிருந்து 1. ஆனால் கணக்கில் 10 ரூபாய் முழுதும் செலுத்தப்பட்ட பங்கு. நடுவில் உள்ள 4 ரூபாயை முனைமம் நிரப்பியிருக்கிறது. 52ஆவது பிரிவு தடுக்க நினைத்தது நடந்துவிடுகிறது, அதுவும் எல்லாப் பதிவும் சமமாக இருக்கும்போதே.

ஒரு மறுவெளியீட்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 200 பங்குக்காரரின் பங்குகள் அனைத்தும், 400ல் 300ம், ஆக 500 பங்கு, முழுதும் செலுத்தியதாக 8 ரூபாய்க்கு மறுவெளியீடு:

வங்கி க/கு ப 4,000
பங்கு ஒறுப்பிழப்பு க/கு ப 1,000
பங்கு முதல் க/கு 5,000

பிறகு, தள்ளுபடி போக அந்தப் பங்குகளில் மிஞ்சும் ஒறுப்பிழப்புத் தொகையை முதலினக் காப்புக்கு மாற்றுவது. இங்கே 2,600ஐ 600ஆல் வகுத்துச் சராசரி எடுக்கக் கூடாது. இரண்டு வகைப் பங்கிலும் வந்த தொகை வேறு. 200 பங்கில் 600, தள்ளுபடி 400 போக 200. 300 பங்கில் 1,500, தள்ளுபடி 600 போக 900. மாற்ற வேண்டியது 1,100:

பங்கு ஒறுப்பிழப்பு க/கு ப 1,100
முதலினக் காப்பு க/கு 1,100

ஒறுப்பிழப்புக் கணக்கில் மிஞ்சுவது 2,600 கழித்தல் 1,000 கழித்தல் 1,100, அதாவது 500. மறுவெளியீடு ஆகாத பங்கு 100, பங்குக்கு 5 வீதம் அதே 500. இந்த மீதி, கையில் இருக்கும் பங்குகளோடு பொருந்தவில்லையென்றால் மாற்றிய தொகை தவறு. 600 பங்கும் வெளியிடப்பட்ட பிறகு இந்தக் கணக்கில் ஏதாவது இருப்பு இருந்தாலும் அதே அர்த்தம்தான். அப்புறம், மறுவெளியீட்டை முகமதிப்புக்கு மேல், 12 ரூபாய்க்குச் செய்திருந்தால் கூடுதல் 2 ரூபாய் முனைமக் கணக்குக்குப் போகும், முதலினக் காப்புக்கு அல்ல. தள்ளுபடியே இல்லாததால் அந்தப் பங்குகளின் ஒறுப்பிழப்புத் தொகை முழுதும் முதலினக் காப்புக்கு மாறும். இந்த நிலையில் முனைம இருப்புச் சோதனை செய்யும்போது மறுவெளியீட்டில் வந்த முனைமத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

உங்கள் பதிவைப் பேரேட்டில் ஏற்றிவிட்டீர்களா என்று சொல்லவில்லை. ஏற்றியிருந்து, மறுவெளியீடு இன்னும் நடக்கவில்லையென்றால் திருத்தம் ஒரே வரி, பங்கு ஒறுப்பிழப்புக் கணக்கு 1,600 பற்று, பத்திர முனைமக் கணக்கு 1,600 வரவு. மேலே சொன்ன மறுவெளியீடும் நடந்து, தவறான தொகையை வைத்தே முதலினக் காப்புக்கு மாற்றியிருந்தால், அங்கே 1,100க்குப் பதில் 2,300 போயிருக்கும், ஒறுப்பிழப்பில் 500க்குப் பதில் 900 நிற்கும். அப்போது திருத்தப் பதிவு இரண்டு கணக்கையும் தொட வேண்டும்:

முதலினக் காப்பு க/கு ப 1,200
பங்கு ஒறுப்பிழப்பு க/கு ப 400
பத்திர முனைமம் க/கு 1,600

1,200 என்பது வெளியான 300 பங்கின் முனைமம், 400 என்பது இன்னும் வெளியாகாத 100 பங்கின் முனைமம். பதிந்த பிறகு முனைமக் கணக்கில் 39,200 நிற்கும்.